செக், செக், அப்புறம் ஓர் அமைதியான நகர்வு: பலியைக் கிளை கிளையாகக் கணக்கிடும் முறை

செஸ்ஸில் ஒரு காயைப் பலி கொடுக்கலாமா என்று யோசிக்கும்போது பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான்: தனக்குப் பிடித்த ஒரு வரிசையை மேட் வரை ஓட்டிப் பார்ப்பார்கள், மனம் நிறைந்ததும் காயை நகர்த்திவிடுவார்கள். எதிராளி நாம் நினைத்த பதிலைத்தான் ஆடுவார் என்று எந்த விதியும் இல்லை. அவருக்கு ஐந்து பதில்கள் இருந்தால் ஐந்துக்கும் நம்மிடம் விடை வேண்டும். அதற்காகத்தான் கணக்கை ஒரு கோடாக இல்லாமல் மரமாகப் பார்க்கிறோம். நம் நகர்வு தண்டு, அவருடைய ஒவ்வொரு பதிலும் ஒரு கிளை.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு நிலையை எடுத்துக்கொண்டு அந்த மரத்தை முழுமையாக வரைகிறது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த இத்தாலிய ஆட்டக்காரர் ஜோவாக்கினோ கிரேக்கோவின் கையெழுத்துப் பிரதிகளில் வரும் ஆட்டம் இது. பழையது என்று ஒதுக்க வேண்டாம். கிளைகள் தெளிவாகப் பிரிவதும், ஒவ்வொரு நுனியிலும் வேறு வேறு வகையான சோதனை தேவைப்படுவதும் இந்த நிலையில் ஒன்றாக அமைந்திருக்கின்றன. பலகையை எடுத்து அடுக்கிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் முறை காய்களைத் தொடாமல், கண்ணாலேயே தொடர்ந்து வாருங்கள்.

```
1.e4 e6 2.d4 Nf6 3.Bd3 Nc6
4.Nf3 Be7 5.h4 O-O 6.e5 Nd5

8  r . b q . r k .
7  p p p p b p p p
6  . . n . p . . .
5  . . . n P . . .
4  . . . P . . . P
3  . . . B . N . .
2  P P P . . P P .
1  R N B Q K . . R
   a b c d e f g h
```

பெரிய எழுத்து வெள்ளை, சிறிய எழுத்து கருப்பு. K ராஜா, Q ராணி, R யானை, B பிஷப், N குதிரை, P சிப்பாய். இப்போது வெள்ளை ஆட வேண்டும்.

முதலில் நிலையைப் படியுங்கள்

நகர்வுகளை ஓட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் கோடுகளை மட்டும் பாருங்கள். d3 பிஷப் h7-ஐ நேராகப் பார்க்கிறது. f3 குதிரை விலகினால் d1 ராணிக்கு h5 வரை டயகனல் திறக்கிறது. c1 பிஷப்புக்கு h6 வரை ஏற்கெனவே திறந்தே இருக்கிறது. h1 யானையின் முன்னால் h4 சிப்பாய் நிற்கிறது. அது g5-க்குத் தாவினால் h ஃபைல் முழுவதும் திறந்துவிடும். e5 சிப்பாய் f6, d6 இரண்டையும் காவல் காக்கிறது, அதனால் கருப்புக் குதிரை f6-க்கு வந்தால் வெட்டலாம்.

கருப்பின் பக்கம் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். e7 பிஷப் தன் ராஜா ஓடக்கூடிய ஒரு கட்டத்தைத் தானே அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதே பிஷப் b4-க்கு வந்தால் e1-இல் இருக்கும் நம் ராஜாவுக்குச் செக். இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். நாம் இன்னும் கோட்டை கட்டவில்லை என்பது கணக்கில் வந்தாக வேண்டும்.

தண்டும் கிளைகளும்

மரம் கட்டுக்குள் இருக்க வேண்டுமானால் கட்டாய நகர்வுகளிலிருந்து தொடங்க வேண்டும்: முதலில் செக், அடுத்து வெட்டு, அடுத்து நேரடி மிரட்டல். செக் கொடுத்தால் எதிராளிக்கு மூன்றே வழிகள்தான் உண்டு. செக் கொடுத்த காயை வெட்டலாம், இடையில் காய் வைத்து மறைக்கலாம், ராஜாவை நகர்த்தலாம். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒரு பதிலும் தப்பாது. "அவர் இதைத்தானே ஆடுவார்" என்று தொடங்குபவர்களுக்குத்தான் பதில்கள் தப்பிப்போகின்றன.

இங்கே இருக்கும் ஒரே செக் 7.Bxh7+. பதில்கள் இரண்டு: ராஜா பிஷப்பை வெட்டலாம், இல்லை h8-க்கு ஒதுங்கலாம். ஒதுங்கினால் கவலையில்லை. ஒரு சிப்பாய் நம் கையில், ஆடுவது நம் முறை, பிஷப் d3-க்கே திரும்பிவிடலாம். அந்தக் கிளையை அங்கேயே நிறுத்திவிடலாம்.

வெட்டினால் 8.Ng5+. இப்போது அதே மூன்று கேள்விகள். குதிரையை வெட்ட முடியுமா? முடியும், e7 பிஷப்பால். குதிரைச் செக்கை மறைக்க முடியாது. ராஜா எங்கே போகலாம்? g8, h8, g6, h6. ஆக ஐந்து கிளைகள்.

```
7.Bxh7+
├─ 7...Kh8
└─ 7...Kxh7 8.Ng5+
   ├─ 8...Bxg5 9.hxg5+
   │  ├─ 9...Kg8 10.Qh5
   │  └─ 9...Kg6 10.Qh5+
   ├─ 8...Kg6 9.h5+
   ├─ 8...Kh6 9.Nxf7+
   ├─ 8...Kg8 9.Qh5
   └─ 8...Kh8 9.Qh5+
```

எந்தக் கிளையை முதலில் கணக்கிடுவது? நமக்கு அதிகம் பயம் தருவதை. அது தாங்கவில்லை என்றால் முழு மரமும் விழுந்துவிடும், மற்ற நான்குக்கும் செலவாகும் நேரம் மிச்சம். எளிதான கிளையில் தொடங்கினால் கிடைக்கும் உற்சாகமே கடினமான கிளையை அவசரமாகப் பார்க்க வைத்துவிடும். இங்கே பயப்பட வேண்டியது 8...Bxg5. தாக்கும் குதிரையே பலகையிலிருந்து போய்விடுகிறது.

பயமுறுத்தும் கிளை: 8...Bxg5

9.hxg5+ என்று சிப்பாயால் வெட்டுகிறோம். சிப்பாய் விலகியதும் h1 யானையிடமிருந்து செக் வருகிறது. h ஃபைலில் இடையில் வந்து மறைக்க எந்தக் கருப்புக் காயாலும் முடியாது. ராஜாவுக்கு g8, g6 இரண்டே இடங்கள்.

9...Kg8 என்றால் 10.Qh5. இது செக் அல்ல, அமைதியான நகர்வு. இங்கே மனதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். செக் கொடுத்துக்கொண்டே போகும்போது எதிராளிக்குச் சுதந்திரம் இல்லை. அமைதியான நகர்வு ஆடிய அடுத்த நொடியே அவருக்கு ஒரு முழு நகர்வு கிடைக்கிறது. அதை அவர் தற்காப்புக்கும் பயன்படுத்தலாம், செக் கொடுக்கவும் பயன்படுத்தலாம். அதனால் மரத்தில் அமைதியான நகர்வு வரும் இடத்தில் எல்லாம் "அவரிடம் என்ன செக் இருக்கிறது?" என்று முதலில் கேட்க வேண்டும். இங்கே b4-க்கு வரக்கூடிய பிஷப் ஏற்கெனவே வெட்டுப்பட்டுவிட்டது. இரண்டு குதிரைகளும் ஒரே தாவலில் நம் ராஜாவை எட்டாது. ராணி g5 சிப்பாயை வெட்டலாம், ஆனால் அது செக் இல்லை. சரி, செக் எதுவும் இல்லை.

நம் மிரட்டல் Qh8 மேட். அதைத் தடுக்க ராஜாவுக்கு ஓர் ஓட்டை வேண்டும். f சிப்பாய் நகர்ந்தால் f7 திறக்கும். அதனால் கிரேக்கோவின் ஆட்டத்தில் 10...f5. இப்போது 11.Qh7+ என்று ஆசைப்பட்டால் ராஜா f7-க்கு ஓடிவிடும், மேட் கையை விட்டுப் போகும். முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்: 11.g6. இதுவும் அமைதியான நகர்வு, மறுபடி அதே கேள்வி. கருப்பிடம் செக் இல்லை. f7 இப்போது g6 சிப்பாயின் பிடியில். 11...Re8 என்றால் 12.Qh8 மேட், கிரேக்கோ முடித்தது இப்படித்தான். 11...Nf6 என்று குதிரை h7-ஐக் காத்தாலும் h8-ஐக் காக்கவில்லை, 12.Qh8 மேட். 11...Qh4 என்று ராணியைக் குறுக்கே போட்டால் யானையின் ஆதரவு துண்டிக்கப்படுகிறது, 12.Qh7+ ஆடினால் h4 ராணியே அதை வெட்டிவிடும், அதனால் 12.Qxh4 என்று அந்த ராணியை எடுக்கிறோம், Qh8 மேட் மிரட்டல் அப்படியே நிற்கிறது. 10...f6 ஆடினாலும் 11.g6 தான், முடிவும் அதேதான்.

10...Re8 என்று உடனே யானையை நகர்த்தினால்? இந்த இடத்தில் கைப்பழக்கம் ஏமாற்றும். இந்த வகைத் தாக்குதலில் நாம் பார்த்துப் பழகியது Qh7+ Kf8 Qh8 மேட் என்ற வரிசை. இங்கே அதை ஓட்டினால் 11.Qh7+ Kf8 12.Qh8+ Ke7, மேட் இல்லை. e7-இல் நின்ற பிஷப் g5-க்குப் போய் வெட்டுப்பட்டு மூன்று நகர்வுகள் ஆகிவிட்டன. ஆனால் மனக்கண்ணில் அது இன்னும் e7-லேயே நிற்கிறது. கணக்கில் வரும் தவறுகளிலேயே அடிக்கடி நடப்பது இதுதான்: போய்விட்ட காய் தன் பழைய கட்டத்தில் நிழலாகத் தங்கிவிடுவது. நானும் ஒரு போட்டியில் இதே மாதிரி, இல்லாத பிஷப் ஒன்றை நம்பி ராணியை h7-இல் வைத்தேன், ராஜா நடுப்பலகைக்கு நடந்து தப்பியது. சரியான விடை நேரடியாக 11.Qh8. ராணியை யானை தாங்குகிறது. ராஜா f8-க்குப் போக முடியாது, அந்த வரிசை முழுக்க ராணியின் பார்வையில் இருக்கிறது. மேட்.

நிழலைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் "எந்தக் காய் போனது, எந்தக் கட்டம் காலியானது, எந்தக் கோடு திறந்தது" என்று மனதுக்குள் வாய்விட்டுச் சொல்லுங்கள். "e7 பிஷப் போனது, e7 காலி, d8 ராணிக்கு g5 வரை வழி திறந்தது." பத்து நொடி வேலை.

இனி இந்தக் கிளையின் இன்னொரு பிரிவு, 9...Kg6. 10.Qh5+ கொடுக்கிறோம். ராணியை யானை தாங்குவதால் வெட்ட முடியாது. f6 நம் சிப்பாய்களின் பிடியில், h7 ராணியின் பிடியில். மிஞ்சுவது f5 மட்டும். 10...Kf5 11.Qh7+. இப்போது கருப்புக்கு g சிப்பாயை முன்னே வைத்து மறைக்கும் வழி இருக்கிறது, ராஜாவை g4-க்கு நகர்த்தும் வழியும் இருக்கிறது. g4-க்குப் போனால் 12.Qh3 மேட். f4-ஐயும் g5 சிப்பாயையும் c1 பிஷப் தொலைவிலிருந்தே காக்கிறது. 11...g6 என்று மறைத்தால் 12.Qh3+ Ke4, வேறு இடம் இல்லை. அப்புறம் 13.Qd3 மேட். d3 ராணியை c2 சிப்பாய் தாங்குகிறது. e3, f3 ராணியிடம், f4 பிஷப்பிடம், d5-இல் கருப்பின் குதிரையே நிற்கிறது. 11.Qh7+ என்ற சுற்றுவழி எதற்கு என்று கேட்கலாம். அது g சிப்பாயை g6-க்கு வரவைத்து ராஜா திரும்பிப் போகும் கட்டத்தை அடைக்கிறது.

இந்த வரிசை நீளமாகத் தோன்றினாலும் கணக்கிட எளிதானது. எல்லாமே செக், பதில்கள் ஒன்றோ இரண்டோ. மரத்தின் ஆழம் அவ்வளவு கஷ்டம் தருவதில்லை. அகலம்தான் தலையைச் சுற்ற வைக்கும்.

ராஜா வெளியே வரும் கிளைகள்

8...Kg6 என்றால் 9.h5+. ராஜாவால் சிப்பாயை வெட்ட முடியாது, யானையும் ராணியும் தாங்குகின்றன. g5 குதிரையையும் வெட்ட முடியாது, c1 பிஷப் தாங்குகிறது. h7 குதிரையின் பிடியில். f5, h6 மட்டும் மிச்சம்.

9...Kf5 என்றால் 10.g4 மேட். நம்பச் சிரமமாக இருக்கும், அதனால் ஒவ்வொரு கட்டமாகச் சரிபாருங்கள். g4 சிப்பாயை ராணி தாங்குகிறது. f4-உம் g5-உம் c1 பிஷப்பிடம். e4 குதிரையிடம். e5 சிப்பாயை d4 தாங்குகிறது. f6-ஐ e5 பிடித்திருக்கிறது, g6-ஐ h5. e6-இல் அவருடைய சிப்பாயே நிற்கிறது. எட்டுக் கட்டங்களும் முடிந்தன. மேட் என்று மனம் சொன்னால் மட்டும் போதாது, ராஜாவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு எட்டையும் எண்ண வேண்டும்.

9...Kh6 என்றால் 10.Nxf7+. குதிரை விலகியதும் பிஷப்பும் செக் கொடுக்கிறது, குதிரையும் கொடுக்கிறது. இரட்டைச் செக்குக்கு ராஜாவை நகர்த்துவதைத் தவிர வழியே இல்லை. h7 மட்டும் இருக்கிறது. 10...Kh7 11.Nxd8, ராணி நம் கையில்.

8...Kh6 கிளையிலும் 9.Nxf7+ இரட்டைச் செக்தான். ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே சிப்பாய் h5-இல் இருந்தது, இங்கே h4-இல். அதனால் இங்கே ராஜா g6-க்கும் போகலாம், போனால் f7 குதிரையைத் தாக்குகிறது. முந்தைய கிளையின் நினைவில் 10.h5+ என்று செக் கொடுத்தால் ராஜா குதிரையை வெட்டிவிடும். தாமதிக்காமல் 10.Nxd8.

ராஜா வீட்டுக்குத் திரும்பும் கிளைகள்

8...Kh8 சுலபம். 9.Qh5+ Kg8 10.Qh7 மேட், ராணியைக் குதிரை தாங்குகிறது.

8...Kg8 9.Qh5 தான் இந்த மரத்தில் எச்சரிக்கை தேவைப்படும் இடம். ராணி நகர்வு இங்கே செக் இல்லை. மிரட்டல் Qh7 மேட். முன்பு சொன்ன அதே கேள்வி: அவரிடம் என்ன செக் இருக்கிறது? இந்த முறை பதில் "இருக்கிறது". பிஷப் இன்னும் e7-இல் உயிரோடு நிற்கிறது, 9...Bb4+ வரும்.

முதலில் மற்ற தற்காப்புகளை முடித்துவிடலாம். 9...f5 அல்லது 9...f6 பயன்படாது. குதிரை f7-ஐக் காப்பதால் 10.Qh7 மேட். 9...Re8 என்றால் 10.Qh7+ Kf8 11.Qh8 மேட், இங்கே பிஷப் உண்மையாகவே e7-இல் நின்று வழியை அடைக்கிறது. இப்போது 10.Qh8+ என்று நேரடியாக வைத்தால் ராஜா ராணியை வெட்டிவிடும், ஏனென்றால் h4 சிப்பாய் யானையின் கோட்டை மறைக்கிறது. ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு கிளைகளில் மேட் கட்டமே மாறிவிடுவதைக் கவனியுங்கள். 9...Nf6 என்றால் 10.exf6, h7 மிரட்டல் அப்படியே நிற்கிறது, 10...Bxf6 11.Qh7 மேட். 9...Bxg5 10.hxg5 என்றால் முன்பு பார்த்த நிலைக்கே வந்துவிடுகிறோம். இரண்டு கிளைகள் ஓரிடத்தில் சேர்வது நல்ல செய்தி, மறுபடி கணக்கிட வேண்டியதில்லை.

இனி 9...Bb4+. 10.c3 என்று மறைக்கிறோம். அந்த ஒரு செக் பலகையில் என்ன மாற்றியது? e7 காலியானது. d8 ராணிக்கு g5 வரை வழி திறந்தது. அதனால் இரண்டு புதிய தற்காப்புகள் முளைக்கின்றன.

10...Qxg5 என்றால் 11.hxg5. ஒரு குதிரைக்கு ராணி கிடைத்தது, h ஃபைலும் திறந்தது, Qh7 மேட் மிரட்டலும் தொடர்கிறது. 11...f5 என்றால் பழகிய 12.g6.

10...Re8 கொஞ்சம் சிக்கல். பழைய முறையில் Qh7+ Kf8 Qh8+ ஆடினால் ராஜா e7-க்கு வெளியேறும். அதனால் முதலில் 11.Qxf7+ என்று f7 சிப்பாயை எடுக்கிறோம். 11...Kh8 12.Qh5+ Kg8 13.Qh7+ Kf8 14.Qh8+ Ke7 15.Qxg7 மேட். f7-இல் சிப்பாய் இல்லாததால் ஏழாவது வரிசை ராணிக்குத் திறந்திருக்கிறது. d6, f6 இரண்டையும் e5 சிப்பாய் காக்கிறது, d8-இலும் e8-இலும் அவருடைய சொந்தக் காய்களே நிற்கின்றன.

9...Bb4+ என்பதைக் கணக்கில் பார்க்காமல் 7.Bxh7+ ஆடியவருக்கும் பலகையில் இந்த வெற்றி கிடைக்கலாம். ஆனால் அவர் ஒன்பதாவது நகர்வில் அதிர்ந்துபோய், நேரமும் குறைந்த நிலையில், 11.Qxf7+ என்பதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

கிளையின் நுனியில் நின்று பார்ப்பது

மேட்டில் முடியும் கிளைகளுக்கு எட்டுக் கட்டச் சோதனை போதும். காய் லாபத்தில் முடியும் கிளைகளுக்குக் கூடுதல் வேலை உண்டு. "ராணி கிடைத்தது" என்று தோன்றும் நொடியில்தான் கணக்கை நிறுத்தத் தோன்றும். அங்கிருந்து இன்னும் ஒரு நகர்வு, எதிராளியின் நகர்வு, கட்டாயம் பார்க்க வேண்டும்.

8...Kg6 9.h5+ Kh6 10.Nxf7+ Kh7 11.Nxd8 நுனியை எடுத்துக்கொள்வோம். முதலில் அந்த நிலையை மனதில் புதிதாக அடுக்குங்கள். நகர்வுகளை மறந்துவிட்டு, யாரோ அந்தப் பலகையை இப்போதுதான் உங்கள் முன் வைத்தது போல. வெள்ளை: e1-இல் ராஜா, d1-இல் ராணி, a1, h1-இல் யானைகள், b1, d8-இல் குதிரைகள், c1-இல் பிஷப், சிப்பாய்கள் a2, b2, c2, d4, e5, f2, g2, h5. கருப்பு: h7-இல் ராஜா, a8, f8-இல் யானைகள், c8, e7-இல் பிஷப்கள், c6, d5-இல் குதிரைகள், சிப்பாய்கள் a7, b7, c7, d7, e6, g7.

ஆட வேண்டியவர் கருப்பு. இதை முதலில் சொல்லிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நம் அடுத்த அழகான நகர்வுக்கு மனம் தாவிவிடும். அடுத்து எண்ணிக்கை. d8 குதிரை தப்பாது, அதை வெட்ட மூன்று காய்கள் காத்திருக்கின்றன. ஆகவே அதைப் போனதாகவே எண்ணுங்கள். நாம் இழந்தது ஒரு பிஷப், ஒரு குதிரை. பெற்றது ராணியும் இரண்டு சிப்பாய்களும். வழக்கமான மதிப்பில் 11-க்கு 6.

பிறகு அவருடைய கட்டாய நகர்வுகள், நாம் நமக்குப் பயன்படுத்திய அதே வரிசையில். செக்: ...Bb4+ மட்டும், பதில் c3. வெட்டு: f7 சிப்பாய் போனதால் f8 யானைக்கு f ஃபைல் திறந்திருக்கிறது, ...Rxf2 வரலாம். Kxf2 என்று எடுத்தால் ...Bh4+ என்று தொடர்வார். h4-ஐ h1 யானை பார்க்கிறதா? h2, h3 காலி, ஆம் பார்க்கிறது, Rxh4. அவருக்கு அதற்கு மேல் எதுவும் இல்லை. மிரட்டல்: குதிரை f4-க்கு வந்து g2-ஐக் குறிவைக்கலாம், c1 பிஷப் அதை வெட்டிவிடும். நம் ராஜா நடுவில் இருந்தாலும் அவரிடம் தாக்கப் போதுமான காய்கள் ஒன்றுசேரவில்லை. இந்த நுனி தாங்கும்.

இந்தச் சோதனையில் ஏதாவது ஒன்று தோற்றால் முழு மரத்தையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. அந்தக் கிளையில் கடைசியாக நமக்கு மாற்று வழி இருந்த இடத்துக்குத் திரும்பி வேறு நகர்வைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் இன்னும் ஒரு படி பின்னால். தண்டு வரைக்கும் வந்தும் கிடைக்கவில்லை என்றால் பலியைக் கைவிடுங்கள்.

சோவியத் கிராண்ட்மாஸ்டர் அலெக்சாண்டர் கோட்டோவ் ஒவ்வொரு கிளையையும் ஒரே ஒரு முறைதான் கணக்கிட வேண்டும் என்று வற்புறுத்தினார். ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப ஓட்டி நேரத்தை வீணாக்குபவர்களுக்கு அது நல்ல மருந்து. ஆனால் நடைமுறையில் ஒரு கிளையில் கண்டுபிடித்த விஷயம் இன்னொரு கிளையைத் திருத்தும். இங்கேயே 9...Bb4+ என்ற செக்கைக் கண்டதும், மற்ற அமைதியான நகர்வுகளிலும் அது வருகிறதா என்று திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும். அப்படி ஒரு காரணம் இருந்தால் திரும்புங்கள், வெறும் பதற்றத்தால் திரும்ப வேண்டாம்.

கையை நீட்டுவதற்கு முன்

மரம் முடிந்ததும் உடனே ஆடாதீர்கள். பத்து நகர்வு தொலைவிலிருந்து திரும்பிவரும் மனம் இப்போதைய பலகையைச் சரியாகப் பார்ப்பதில்லை. கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, காய்கள் உண்மையில் நிற்கும் இடத்தைப் பாருங்கள். நம் கணக்கு நம்பியிருக்கும் தூண்கள் இவை: h4 சிப்பாய், h1 யானை, c1 பிஷப்பின் திறந்த டயகனல், e5 சிப்பாய், கருப்புக் குதிரை d5-இல் இருப்பது. ஒவ்வொன்றையும் விரலால் தொடுவது போலக் கண்ணால் தொடுங்கள்.

இதே பலி மற்ற ஆட்டங்களில் ஏன் தோற்கிறது என்பதும் இந்தத் தூண்களை வைத்துத்தான் புரியும். h சிப்பாய் h2-லேயே இருந்தால் 8...Bxg5-க்குப் பிறகு 9.Bxg5 செக் ஆகாது, h ஃபைலும் திறக்காது. நாம் பார்த்த மேட்டுகளில் பாதி அங்கேயே மறைந்துவிடும், மீதியைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். கருப்பின் e சிப்பாய் பலகையில் இல்லாமல் d சிப்பாயும் விலகியிருந்தால் c8 பிஷப் f5-க்கு வந்து h7-ஐக் காக்கும். கருப்புக் குதிரை ஒன்று f8-க்கு வர முடிந்தாலும் அதே கதைதான், Qh5 மிரட்டலே இல்லாமல் போகும். c1 பிஷப்பின் வழியில் d2-இல் ஒரு குதிரை நின்றிருந்தால் 10.g4 மேட் இல்லை, இரட்டைச் செக்குகளும் இல்லை.

பலியை ஆடிய பிறகும் மரத்தை நம்பிக் கடகடவென்று ஓட்ட வேண்டாம். எதிராளி பதில் கொடுத்ததும் அது எந்தக் கிளை என்று பாருங்கள். மற்ற கிளைகளை மனதிலிருந்து வெட்டிவிடுங்கள், மிஞ்சிய கிளையை உண்மையான பலகையில் மறுபடி ஒருமுறை நடந்து பாருங்கள். 8...Kh6 வந்துவிட்டால் இனி g8 கிளைகள் உங்களுக்குத் தேவையில்லை. ராஜா g6-க்குப் போனால் h5+ கூடாது, குதிரை d8-ஐ வெட்ட வேண்டும் என்பது மட்டும் தேவை.